யோகட் போடலாமா? எத்தனை கப் விற்றால் கட்டும் என்ற கணக்கு

தயிர் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்களிடம் கடைக்காரர் அடிக்கடி கேட்பது, “யோகட் போட மாட்டீங்களா?” என்பதுதான். கேட்டதும் மனதில் ஒரு கணக்கு ஓடும்: பால் நம்மிடம் வருகிறது, ஆட்டோ எப்படியும் அந்த ரோட்டால் போகிறது, கடையில் பிரிட்ஜ் இருக்கிறது, ஆகவே யோகட்டில் வருவதெல்லாம் மேலதிக இலாபம். இந்தக் கணக்கில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் இதை நம்பிக் கடன் எடுக்கிறார்கள். எத்தனை கப் விற்றால் கை நட்டப்படாது என்ற இலக்கத்தை எடுக்காமல் பிரிட்ஜ் வாங்கப் போகக் கூடாது. அந்த இலக்கத்தை ஒரே தடவையில் எடுத்து முடிக்கவும் முடியாது. ஒவ்வொரு உண்மையைச் சேர்க்கும்போதும் அது மேலே ஏறும்.

உதாரணத்துக்கு செங்கலடிப் பக்கத்தில் ஒரு தயிர்ப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 150 லீற்றர் பசுப்பால் எடுக்கிறது. ஒரு லீற்றர் சட்டிகளில் தயிர் போட்டு ஏறாவூர், மட்டக்களப்பு, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக 30 கடைகளுக்குப் போடுகிறது. கீழே வரும் விலைகள் கணக்கு ஓடுவதற்காக எடுத்தவை. பால் விலையும் சீனி விலையும் மாதத்துக்கு மாதம் மாறும். அவரவர் பற்றுச்சீட்டில் உள்ள விலையைப் போட்டு அதே வரிசையில் செய்து பார்க்கவேண்டும்.

முதலில் ஒரு கப்புக்கு என்ன செலவு என்று பார்ப்போம். இதைத் தனிக் கப்பாகப் பார்க்காமல் ஒரு பானையாகப் பார்ப்பதுதான் சரி. 40 லீற்றர் பாலுக்கு 4 கிலோ சீனி, 300 கிராம் ஜெலற்றின், உறைக் கலவை, கொஞ்சம் வெனிலா. பாலை 85 முதல் 90 பாகைவரை சூடாக்கி அரை மணித்தியாலம் வைத்து, 43 பாகைக்கு ஆறவிட்டு, உறை கலந்து கப்பில் ஊற்றி, நாலைந்து மணித்தியாலம் அதே சூட்டில் வைத்து, பிறகு குளிருக்கு எடுக்கவேண்டும். கொதியில் ஆவியாகப் போவதைக் கழித்தால் சுமார் 44 கிலோ கலவை மிஞ்சும். 80 கிராம் கப்பில் ஊற்றினால் 550 கப்.

ஆனால் 550 கப் விற்பனைக்குப் போகாது. பானை அடியில் ஒட்டுவது, ஊற்றும்போது சிந்துவது, மூடி சரியாக ஒட்டாதது, ஒவ்வொரு தொகுதியிலும் முடிவுத் திகதி வரை வைத்துப் பார்க்க எடுத்துவைக்கும் ஒன்றிரண்டு எல்லாம் சேர்த்து 20 கப் போனதாக வைப்போம். மீதி 530.

செலவு இப்படி வரும். பால் லீற்றர் 180 ரூபா வீதம் 7,200. சீனி 1,000. ஜெலற்றின் 1,200. உறை 400. எரிவாயுவும் வெனிலாவும் 620. கப்பும் மூடியும் சேர்த்து ஒன்று 9 ரூபா, 550-க்கு 4,950. மொத்தம் 15,370 ரூபா. இதை 550 ஆல் பிரித்தால் 28 ரூபாவுக்குக் கீழே வந்து கணக்கு அழகாகத் தெரியும். பிரிக்கவேண்டியது 530 ஆல். கப் ஒன்று 29 ரூபா.

ஜெலற்றினை ஒரு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். இந்த ரோட்டில் பாதிக் கடைகள் ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் இருக்கின்றன. ஹலால் சான்று உள்ள ஜெலற்றின்தானா என்று அங்கே கேட்பார்கள், சான்றுப் பிரதியையும் காட்டச் சொல்வார்கள். மறுபக்கம், மரக்கறி மட்டும் சாப்பிடும் வீடுகள் ஜெலற்றின் போட்டதென்று தெரிந்தால் தொடாது. ஜெலற்றினை விட்டுவிட்டுப் பால்மாவைக் கூட்டிப் போட்டும் கெட்டியாக்கலாம், ஆனால் அதன் செலவு வேறு. எதைப் போடுவதென்று முதலே முடிவு செய்து அதன் விலையைத்தான் கணக்கில் வைக்கவேண்டும். மலிவானதைப் போட்டுக் கணக்குப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து மாற்றினால் 29 ரூபா என்ற இலக்கம் நிற்காது.

கடைக்கு ஒரு கப் 55 ரூபாவுக்குப் போடுவதாக வைப்போம். மிஞ்சுவது 26 ரூபா. இந்த 26 இலாபம் அல்ல, மாதச் செலவைக் கட்ட வரும் காசு.

மாதச் செலவில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். பட்டறை வாடகை, ஆட்டோவின் லீசிங், இப்போது வேலை செய்பவர்களின் சம்பளம் ஆகியவற்றைத் தயிர் ஏற்கனவே கட்டிக்கொண்டிருக்கிறது. யோகட் வந்தாலும் வராவிட்டாலும் அவை அப்படியேதான் இருக்கும். அவற்றில் பாதியை யோகட்டின் தலையில் போட்டால் நல்ல யோசனையும் நட்டமாகத் தெரியும். மறுபக்கம், யோகட்டால் புதிதாக வரும் எந்தச் செலவும் தப்பக் கூடாது.

புதிதாக வாங்கவேண்டியவை: குளிர்ப்பெட்டி 220,000, கப் மூடி ஒட்டும் இயந்திரம் 65,000, 40 லீற்றருக்குச் சற்றுப் பெரிய துருப்பிடிக்காத எஃகுப் பானையும் வெப்பமானியும் 35,000, லேபல் வடிவமைப்பு, ஆய்வுகூடப் பரிசோதனை, அனுமதிப்பத்திர அலைச்சல் எல்லாம் சேர்த்து 40,000. மொத்தம் 360,000 ரூபா. இதை ஆண்டுக்கு 18 வீத வட்டியில் 24 மாதத்தில் கட்டும் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000. கடன் தவணையைச் சேர்த்தவர் அதே இயந்திரத்துக்குத் தேய்மானமும் சேர்க்கத் தேவையில்லை; சேர்த்தால் ஒரே பொருளின் விலையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

அதற்கு மேல், ஒரு ஆள் சம்பளம் 40,000. வீட்டிலுள்ளவர் பார்த்துக்கொள்வார் என்று இதைச் சுழியமாகப் போடுகிற பழக்கம் இருக்கிறது. சூடாக்குவதிலிருந்து குளிருக்கு எடுக்கும்வரை ஒருவர் முழுநாளும் பக்கத்தில் நிற்கவேண்டிய வேலை இது. 43 பாகை 50 ஆனால் உறை ஒழுங்காக வேலை செய்யாது. நேரத்துக்கு எடுக்காவிட்டால் புளித்துப்போகும். வீட்டு ஆள் செய்தாலும் அந்த 40,000-ஐ எழுதத்தான் வேண்டும். மேலதிக மின்சாரம் 12,000. ஆட்டோவுக்குக் கூடப் போகும் எண்ணெய், ரிஜிபோம் பெட்டி, ஐஸ் 15,000. சுத்தம் செய்யும் மருந்து, பரிசோதனை, சில்லறை 5,000. எல்லாம் சேர்த்து மாதம் 90,000 ரூபா.

இப்போது சூத்திரம்:

```
மாதச் செலவு ÷ ஒரு கப்பில் மிஞ்சுவது = நட்டம் வராத கப் எண்ணிக்கை
90,000 ÷ 26 = 3,462
```

இங்கேதான் பெரும்பாலும் கொப்பியை மூடிவிடுவார்கள். மாதம் 3,462 கப், 30 கடை, கடைக்கு நாளொன்றுக்கு நாலைந்து கப், அவ்வளவுதானே என்று. திரும்பி வரும் கப் இந்தக் கணக்கில் இல்லை.

தயிர்ச் சட்டி இரண்டு மூன்று நாளில் விற்றுப்போகும். விற்காவிட்டாலும் கடைக்காரர் பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்வார். யோகட் கப்பில் முடிவுத் திகதி அச்சிட்டிருக்கும். திகதி முடிந்ததை நீங்கள் எடுத்துக்கொண்டு புதியது தரவேண்டும் என்பது கடைகளின் எழுதாத சட்டம். குளிரில் ஒழுங்காக இருந்தால் இரண்டு மூன்று கிழமை நிற்கக்கூடிய யோகட், பல கடைகளில் அவ்வளவு நாள் நிற்பதில்லை. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் கடை பூட்டும்போது பிரிட்ஜை நிறுத்திவிடுகிறார்கள். காலையில் வந்து போட்டால் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும், புளிப்பு ஏறியிருக்கும். வாங்கினவர் திட்டுவது கடைக்காரரை அல்ல, லேபலில் இருக்கும் பெயரை. எந்தக் கடையில் இது நடக்கிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே தொகுதிக் கப்பில் ஒரு கடையிலிருந்து மட்டும் தண்ணீர் பிரிந்ததாக வந்தால் கோளாறு அந்தப் பிரிட்ஜில். எல்லாக் கடையிலிருந்தும் வந்தால் கோளாறு பட்டறையில்.

நூற்றுக்கு 8 கப் திரும்பி வருகிறது என்று வைப்போம். 100 கப் அனுப்பினால் 92-க்குத்தான் காசு, 5,060 ரூபா. செலவு 100-க்கும் ஆகிவிட்டது, 2,900. மிச்சம் 2,160, அதாவது அனுப்பிய ஒரு கப்புக்கு 21.60. 90,000-ஐ இதால் பிரித்தால் 4,167 கப். நூற்றுக்கு 20 திரும்பினால் ஒரு கப்புக்கு மிஞ்சுவது 15 ரூபா மட்டுமே, தேவைப்படும் எண்ணிக்கை 6,000 ஆகிவிடும். பால் விலை ஐந்து ரூபா ஏறினால் பட்டறையே பதறுகிறது. அது ஒரு கப்பில் 40 சதத்துக்கும் குறைவு. கடைக்காரர் இரவில் பிரிட்ஜை நிறுத்துவதால் போகிற காசு அதைவிடப் பல மடங்கு.

அடுத்தது தயிரிலிருந்து யோகட் பிடுங்கிக்கொள்வது. பிள்ளைக்கு ஏதாவது இனிப்பாக வேண்டும் என்று தயிர்ச் சட்டி வாங்கிப் பாணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த வீடு, கப் வந்ததும் இரண்டு கப்போடு நின்றுவிடும். ஒரு தயிர்ச் சட்டியில் 90 ரூபா மிஞ்சுகிறது, 100 கப் யோகட் போன இடத்தில் இரண்டு சட்டி குறைகிறது என்றால் 180 ரூபா இழப்பு, கப்புக்கு 1.80. அப்போது மிஞ்சுவது 19.80, தேவை 4,545 கப்.

இதுவரை சொன்னதெல்லாம் யோகட்டுக்கான பால் புதிதாகக் கிடைக்கும் என்ற எண்ணத்தில். மட்டக்களப்பில் பால் எப்போதும் அப்படிக் கிடைப்பதில்லை. மாரி வெள்ளாமை விதைத்ததும் வயல்களில் மாடு விட முடியாது. மாடுகள் தூர மேய்ச்சல் தரைகளுக்குப் போய்விடும். மழையில் அங்கிருந்து பாலை ரோட்டுக்குக் கொண்டுவருவதே பெரும்பாடு. கோடை முற்றினால் புல் காய்ந்து கறவை குறையும். அப்படியான மாதங்களில் 40 லீற்றர் யோகட்டுக்குப் போனால் 40 சட்டி தயிர் குறையும். 40 சட்டி, 90 ரூபா வீதம், 3,600 ரூபா. அதை 530 கப்பில் பரப்பினால் கப்புக்கு 6.79. முன்பு சொன்ன 1.80-ஐ இதோடு கூட்டக் கூடாது, ஏனென்றால் குறையப்போகும் தயிர் எப்படியும் போடப்படாமலே போய்விட்டது. 21.60 இலிருந்து 6.79 கழித்தால் 14.81. தேவை 6,077 கப்.

பால் தட்டுப்பாடான காலத்தில் யோகட்டை நிறுத்திவிடலாமா என்றால், அதுவும் அவசரத்தில் செய்யக் கூடாது. 40 லீற்றர் பால் தயிரில் 3,600 ரூபா தருகிறது. அதே பால் யோகட்டில், திரும்பி வருவதையும் கழித்து, 11,448 ரூபா தருகிறது. லீற்றருக்குப் பார்த்தால் யோகட் மூன்று மடங்கு மேல். அதாவது கடைகளில் வாங்க ஆள் இருந்தால் பால் குறைந்த நாளில் குறைக்கவேண்டியது தயிரைத்தான். இலக்கம் 6,077 ஆக ஏறுவது யோகட் கெட்ட யோசனை என்று சொல்வதற்காக அல்ல. பால் இல்லாத மாதத்தில் மாதச் செலவைக் கட்ட இன்னும் 1,500 கப் கூடத் தள்ளவேண்டும் என்பதற்காக. எருமைப்பால் மட்டும் எடுத்துத் தயிர் போடுகிறவருக்கு இந்தச் சிக்கல் வேறு விதமாக வரும்: அவர் பசுப்பாலுக்குப் புதிய ஆட்களைத் தேடி, அந்தச் சேகரிப்புச் செலவை மாதச் செலவில் போடவேண்டும்.

ஒரே கேள்விக்கு இப்படி நாலு விடை வந்திருக்கிறது: 3,462, 4,167, 4,545, 6,077. பால் தாராளமான மாதத்துக்கு 4,545-ஐ எடுத்து, அது கடைத்தட்டில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். 30 கடைக்குப் பிரித்தால் கடைக்கு மாதம் 152 கப். கிழமைக்கு மூன்று முறை ஆட்டோ போனால் ஒவ்வொரு முறையும் கடைக்கு 12 கப் இறக்கவேண்டும், அதில் 11 விற்கவேண்டும். இதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாக மனதில் நடந்து பாருங்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கும் கடை 40 கப் எடுக்கும். உள் ஒழுங்கையில் இருக்கும் கடை 4 கப் எடுத்து 2-ஐத் திருப்பித் தரும். அந்த நாலு கப் கடைக்கு யோகட்டே போடாமல் விட்டால் திரும்பி வருவது குறைந்து, மொத்த எண்ணிக்கை இறங்கினாலும் இலாபம் கூடலாம். 30 கடை என்பதைப் பிரிட்ஜ் நன்றாக ஓடும் 18 கடை என்று மாற்றி எழுதினால் கடைக்கு ஒரு முறைக்கு 19, 20 கப் என்று வரும். அது முடியுமா முடியாதா என்பதை 3,462 என்ற இலக்கத்தைவிட நேராகச் சொல்லும்.

மாதக் கணக்கு வேறு விதத்திலும் ஏமாற்றும். அந்த 90,000 மாதச் செலவை ஆண்டுக்கு 12 முறை கட்டவேண்டும், 1,080,000 ரூபா. 19.80 ஆல் பிரித்தால் 54,545 கப். நல்ல மாதங்கள் எட்டு, மாதம் 5,500 கப் போகிறது என்று வைப்போம். இலக்குக்கு மேலே ஆயிரம் கப், சந்தோஷந்தான். அடைமழையும் வெள்ளமும் உள்ள மாதங்களையும், கையில் காசு ஓடாத மாதங்களையும் சேர்த்து நாலு மாதம் 2,500 வீதம். கூட்டினால் 54,000. எட்டு மாதம் இலாபம் பார்த்தவர் ஆண்டு முடிவில் 545 கப் குறைவாக நிற்கிறார். அறுவடை முடிந்து காசு புழங்கும் மாசி, பங்குனியில் தொடங்குகிறவர்கள் முதல் மாத விற்பனையைப் பார்த்து ஆண்டை அளக்கிறார்கள். நோன்பு மாதத்தில் தொடங்கினாலும் இதே கதைதான். அந்த மாதத்து வாங்கல் மற்ற மாதங்களுக்கு அளவாகாது.

விலையைக் குறைத்து உள்ளே நுழையலாம் என்று கடைக்காரர் சொல்வார். 55-ஐ 52 ஆக்கினால் வெறும் மூன்று ரூபா. ஆனால் மிஞ்சுவது 19.80 இலிருந்து 17.04-க்கு இறங்கும், தேவை 5,282 கப் ஆகும். மூன்று ரூபாவுக்காக மாதம் 737 கப் கூட விற்கவேண்டும். விலை குறைத்ததால் அவ்வளவு கூடப் போகுமா என்பதுதான் கேள்வி. கடைக்காரர் அந்த மூன்று ரூபாவைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு அதே விலைக்கு விற்றால் ஒரு கப்கூட கூடப் போகாது. கப்பில் உச்சச் சில்லறை விலையை அச்சிட்டிருந்தால் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தலாம்.

இன்னொன்று, இந்தக் கணக்கில் வராத கைமுதல். இரண்டு கிழமைக் கடனில் கடைகளுக்குப் போட்டால், மாதம் 4,545 கப்பின் பாதிச் செலவு, ஏறக்குறைய 66,000 ரூபா, எப்போதும் வெளியே நிற்கும். அச்சிட்ட கப்பைக் குறைந்தது 10,000 எடுக்கச் சொன்னால் இன்னொரு 90,000 மூலையில் கிடக்கும். இலாப நட்டமில்லாத புள்ளியைத் தாண்டியும் பால்காரருக்குக் கிழமைக் காசு கொடுக்க முடியாமல் தடுமாறுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முதல் தொகுதிக்கு அச்சில்லாத வெள்ளைக் கப் வாங்கி ஸ்ரிக்கர் ஒட்டுவது கப்புக்கு ஒரு ரூபா கூடினாலும் புத்தி. ஸ்ரிக்கர் என்றாலும் உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், நிறை, விலை எல்லாம் இருக்கவேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பரீட்சார்த்தம் என்று சொன்னால் விடமாட்டார், விடவும் கூடாது.

மேலே 8 வீதம், இரண்டு சட்டி என்று வைத்தவை ஊகங்கள். இவற்றைக் கடன் எடுக்கும் முன்பே அளக்கலாம். ஆறு கடை போதும்: இரண்டு நல்லது, இரண்டு நடுத்தரம், இரண்டு மந்தம். இருக்கும் பிரிட்ஜில் கொள்ளும் அளவுக்குச் சின்னப் பானையில் போட்டு, ஆறு கிழமை கொடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு கிழமையில் வாங்குவது புதுசு என்ற ஆசையில். அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கொப்பியில் கடைக்கு ஒரு பக்கம், அதில் இறக்கிய கப், திரும்பிய கப், அந்த நாளில் எடுத்த தயிர்ச் சட்டி என்று மூன்று நிரல். மூன்றாவது நிரலைத்தான் யாரும் எழுதுவதில்லை. யோகட் தொடங்குவதற்கு முந்திய மாதத்துச் சட்டி எண்ணிக்கையோடு ஒப்பிட, அது இல்லாமல் வழியில்லை. ஆறு கடையில் 8 வீதம் என்று வந்தால் கணக்கில் 11 அல்லது 12 போடுங்கள். ஆறு கடையை நீங்கள் நேரில் கவனிக்கிறீர்கள், 30 கடையை ஆட்டோ ஓடுகிறவர் கவனிக்கப்போகிறார்.

தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்கவேண்டிய இலக்கம் இன்னொன்று இருக்கிறது. யோகட்டை நிறுத்தினாலும் 18,000 தவணை நிற்காது. நிறுத்தினால் மிச்சமாவது சம்பளம், மின்சாரம், எண்ணெய், சில்லறை சேர்த்து 72,000 மட்டுந்தான். 72,000-ஐ 19.80 ஆல் பிரித்தால் 3,636 கப். மாதம் 4,000 கப் விற்று நட்டம் என்று சொல்லி நிறுத்துகிறவர் தவணையை முழுக்கத் தயிர்க் காசில் கட்டவேண்டி வரும். ஓட்டினால் அந்த 4,000 கப் தவணையில் 7,200 ரூபாவைத் தானே கட்டும். 3,636-க்குக் கீழே தொடர்ந்து மூன்று மாதம், அதுவும் நல்ல மாதங்களில் போனால், ஓட ஓட நட்டம். அப்போது குளிர்ப்பெட்டியை வைத்துக்கொண்டு பார்த்திருக்காமல், விலை போகும்போதே விற்று, வந்த காசைக் கடனின் முதலில் கட்டிவிட்டு, ஆளைத் தயிர் வேலைக்கு எடுக்கலாமா என்று பார்க்கவேண்டும்.